பத்து நாள் காசிக்கு எத்தனை நாள் விடுப்பு?

பாளையங்கோட்டையில் நான் வழக்கமாக டீ குடிக்கிற கடைக்கு, செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருத் தம்பி ஒருவன் நாலாக மடித்த தாளோடு வந்தான். அரசு அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளர். நாலு வருஷ சர்வீஸ், தகுதிகாண் பருவமெல்லாம் முடிந்துவிட்டது. நான் அதே மாதிரி அலுவலகங்களில் காலம் தள்ளி, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். ஆகவே தெருவில் யாருக்கு எந்த விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தாலும் என் டீ ஆறிப்போவது வழக்கம்.

"லீவு லெட்டர் அண்ணாச்சி. அம்மாவக் காசிக்குக் கூட்டிட்டுப் போறேன். நல்லா எழுதிருக்கேனான்னு பாருங்க."

நன்றாகத்தான் எழுதியிருந்தான். அதுதான் சங்கடம். அப்பா இறந்தபோது அம்மா மனதில் நினைத்துக்கொண்டது, ஐந்து வருஷமாகத் தள்ளிப்போனது, அம்மாவுக்கு முழங்கால் வலி, இனியும் தள்ளினால் முடியாது என்ற பயம் என்று முக்கால் பக்கம் ஓடியது. கடைசியில் ஒரே வரி: "ஆகவே புனித யாத்திரை சென்றுவர எனக்குப் பத்து நாட்கள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

முக்கால் பக்கத்தையும் படித்து முடித்த அதிகாரி கையெழுத்துப் போட முடியாது. போடக் கூடாது என்பதால் அல்ல, எதற்குப் போடுவது என்று அதில் இல்லை. என்ன விடுப்பு? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? அந்த நாட்களில் இவன் சீட்டை யார் பார்ப்பது? மூன்றுக்கும் பதில் இல்லாததால் தாளின் ஓரத்தில் "விவரம் கேட்கவும்" என்று எழுதிக் கீழே அனுப்புவார்கள். அது பிரிவுக்கு வந்து, இவன் கைக்கு வந்து, மறுபடி மேலே போவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும்.

விடுப்பு விண்ணப்பம் என்பது மனதைத் திறந்து காட்டுகிற கடிதம் இல்லை. மேலே உட்கார்ந்திருப்பவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில். அவர் பேனாவை எடுத்து ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்திட முடிந்தால் அது நல்ல கடிதம்.

"எந்தத் தேதில போற?" என்றேன்.

"தீபாவளி முடிஞ்சு அண்ணாச்சி. டிக்கெட் இன்னும் போடல. லீவு கெடச்ச பெறவு போடலாம்னு."

இங்கேதான் பலரும் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள். ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. காசி மாதிரி ஊருக்கு நம் பக்கத்திலிருந்து நேர் வண்டிகள் குறைவு. கன்னியாகுமரியிலிருந்து பனாரஸ் போகும் காசி தமிழ்ச் சங்கமம் எக்ஸ்பிரஸ் வாரத்தில் ஒரே நாள்தான். வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு மேல் கன்னியாகுமரியில் புறப்பட்டு, அன்று இரவே திருநெல்வேலியைத் தாண்டி, சனிக்கிழமை நள்ளிரவை ஒட்டி பனாரஸ் போய்ச் சேரும். விடுப்பு எந்தக் கிழமையில் தொடங்கும் என்பதை உங்கள் விருப்பமோ அதிகாரியின் விருப்பமோ தீர்மானிப்பதில்லை, அந்த வண்டி தீர்மானிக்கிறது. அதனால் முதலில் பயணத்தை நாள்வாரியாகத் தாளில் போட வேண்டும். கடிதம் அதற்குப் பிறகு.

அவன் கொண்டுவந்த தாளின் பின்பக்கத்திலேயே போட்டோம். இந்த வருஷம், 2026-ல், தீபாவளி நவம்பர் 8. அதற்கு அடுத்த வியாழன் 12-ஆம் தேதி. அன்று வேலை பார்த்துவிட்டு ராத்திரி வண்டி ஏறலாம். வெள்ளியும் சனியும் ரயிலில். ஞாயிறு 15, திங்கள் 16 இரண்டு நாளும் காசி. செவ்வாய் 17 கயை, அப்பாவுக்குப் பிண்டம் வைக்க. புதன் 18 பிரயாகை. வியாழன் 19 சாயங்காலம் அங்கேயே சென்னைக்கு வண்டி ஏறினால் சனி 21 சென்னை, அன்றிரவு புறப்பட்டு ஞாயிறு 22 காலை திருநெல்வேலி. திங்கள் 23 அலுவலகம்.

"ராமேஸ்வரம் எங்க?" என்றேன். காசி யாத்திரை என்று நம் ஊரில் சொன்னால் அது காசியில் தொடங்குவதில்லை. ராமேஸ்வரம் போய், கடலாடி, சேதுக்கரை மணலை எடுத்துக்கொண்டு வடக்கே போக வேண்டும். பிரயாகையில் திரிவேணி சங்கமத்தில் அந்த மணலைக் கரைத்துவிட்டு, கங்கை நீரை எடுத்துவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் யாத்திரை முடிந்ததாகப் பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவன் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருந்தார்களாம். இவன் அந்த நாட்களையும் சேர்த்து எண்ணி, குத்துமதிப்பாகப் பத்து என்று எழுதிவிட்டான்.

ராமேஸ்வரத்தை இந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டியதில்லை. அக்டோபர் 31, நவம்பர் 1 சனி ஞாயிறில் போய் மணல் எடுத்துவரலாம். திரும்பி வந்த பிறகு நவம்பர் 28, 29 சனி ஞாயிறில் போய் அபிஷேகம் முடிக்கலாம். இரண்டு பயணத்துக்கும் விடுப்பே வேண்டாம், ஊரை விட்டுப் போக அனுமதி வாங்கினால் போதும். ஆக, அவன் அலுவலகத்தில் இல்லாத நாட்கள் 13 வெள்ளி முதல் 22 ஞாயிறு வரை. எண்ணினால் சரியாகப் பத்து.

"அப்போ பத்து நாள் லீவுதான அண்ணாச்சி?"

இல்லை. அலுவலகத்தில் இல்லாத நாள் வேறு, விடுப்பு நாள் வேறு.

தமிழ்நாடு அரசு அலுவலருக்கு இந்த மாதிரிப் பயணத்துக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று தற்செயல் விடுப்பு, எல்லோரும் சி.எல். என்கிறோமே அது. ஒரு காலண்டர் வருஷத்துக்கு 12 நாள். இன்னொன்று ஈட்டிய விடுப்பு, இ.எல். வருஷத்துக்கு 30 நாள். ஜனவரி 1-ல் 15, ஜூலை 1-ல் 15 என்று கணக்கில் ஏறும். 240 நாள் வரை சேர்த்துவைக்கலாம். இரண்டுக்கும் எண்ணும் முறை வேறு. தாளில் அதையும் போட்டுப் பார்த்தோம்.

சி.எல். எடுத்தால் நடுவில் வரும் விடுமுறை நாட்கள் விடுப்பில் எண்ணப்படாது. 13 வெள்ளி ஒன்று, 16 முதல் 20 வரை ஐந்து, ஆக ஆறு நாள் சி.எல். போதும். 14, 15, 21, 22 நாலும் சனி ஞாயிறு, அவை இலவசம். ஆனால் இதற்கு ஒரு கட்டு உண்டு. சி.எல்.லும் விடுமுறையும் சேர்ந்து, தொடர்ந்து இல்லாத நாட்கள் மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது. இவன் பயணம் பத்து நாள், கட்டுக்குள் நூலிழையில் நிற்கிறது.

இ.எல். எடுத்தால் கதை வேறு. விடுப்பு தொடங்கி முடிகிற தேதிகளுக்கு நடுவே அகப்பட்ட சனி ஞாயிறு எல்லாம் விடுப்பு நாளாகவே எண்ணப்படும். ஓரத்தில் இருக்கிற விடுமுறையை மட்டும் அனுமதி கேட்டு விலக்கிக்கொள்ளலாம். முன்னால் வந்தால் முன்னிணைப்பு, பின்னால் வந்தால் பின்னிணைப்பு. இவனுக்கு 13 முதல் 20 வரை எட்டு நாள் இ.எல். நடுவே உள்ள 14, 15 அதிலேயே போய்விடும். 21, 22 பின்னிணைப்பு. முன்னிணைப்புக்கு வழியில்லை, ஏனென்றால் வண்டி வியாழன் இரவு. சனிக்கிழமை புறப்படுகிற வண்டி கிடைத்து அடுத்த ஞாயிறு திரும்ப முடிந்தால் இரண்டு பக்கமும் சனி ஞாயிறு கிடைத்து, ஐந்து நாள் இ.எல்.லில் ஒன்பது நாள் போய்வரலாம். பத்து நாளுக்குக் குறைய முடியாத யாத்திரையில் அந்த ஆசை நடக்காது.

"ஆறு சி.எல். லாபம்லா அண்ணாச்சி?"

"எத்தன மிச்சம் வச்சிருக்க?"

விரலை மடக்கினான். அஞ்சு. ஒன்று குறைகிறது. உடனே அவனுக்குத் தோன்றியது எல்லோருக்கும் தோன்றுவதுதான்: அஞ்சு சி.எல்., ஒரு இ.எல். போட்டுச் சமாளித்துவிடலாமே? முடியாது. சி.எல். என்பது விதிப்படி விடுப்பே இல்லை, ஒரு சலுகை. அந்த நாட்களில் ஆள் பணியில் இருப்பதாகவே கணக்கு. ஆகவே அதை இ.எல்.லோடு ஒட்டுப்போட விதி இடம் தராது. இந்த ஒட்டுப்போட்ட விண்ணப்பங்கள் எத்தனையை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

ஆறு சி.எல். மிச்சம் இருந்திருந்தாலும் நான் இ.எல்.தான் போடச் சொல்லியிருப்பேன். வட இந்திய ரயில் நவம்பர் மத்தியில் நேரத்துக்கு வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். பனி தொடங்குகிற காலம். சென்னையில் இணைப்பு வண்டியைத் தவறவிட்டு ஒரு நாள் தாமதமானால் பத்து பதினொன்றாகும். பத்து நாள் கட்டு உடையும். சி.எல். கணக்கு முழுவதும் செல்லாமல் போய், போன நாட்களை எல்லாம் வேறு விடுப்பாக மாற்றி எழுத வேண்டிவரும். வருஷக் கடைசிக்கு ஒரு சி.எல். கூட இல்லாமல் நிற்பதும் நல்லதில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாளைக்கே எடுக்கக் கூடியது அது ஒன்றுதான். இவன் இ.எல். கணக்கில் 60-க்கு மேல் இருக்கிறது. எட்டு போனால் தெரியாது.

நேர் வண்டியிலேயே திரும்பினால் என்ன என்றும் பார்த்தோம். அது பனாரஸில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் புறப்படுகிறது. 22-ஆம் தேதி ஏறினால் 24 செவ்வாய் இரவுதான் ஊர். மாற்றி ஏறுகிற அலைச்சல் இல்லை, அம்மாவின் முழங்காலுக்கு நல்லது. ஆனால் 13 முதல் 24 வரை பன்னிரண்டு நாள் இ.எல். ஆகும். ஓரத்தில் விடுமுறை இல்லாததால் பின்னிணைப்பும் கிடையாது. எட்டா பன்னிரண்டா என்பதை வண்டிதான் முடிவு செய்கிறது என்று நான் சொன்னது இதைத்தான். அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டு எட்டையே எடுத்துக்கொண்டான்.

அடுத்தது காரணம். அந்த முக்கால் பக்கத்தை என்ன செய்வது? கயைக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு காயையும் ஒரு பழத்தையும் விட்டுவிட்டு வருவது வழக்கம். இவன் புறப்படுவதற்கு முன்னாலேயே சில வரிகளை விட்டுவிட்டுப் போகட்டும் என்றேன். "தாயாருடன் காசி, கயா, பிரயாகை யாத்திரை" என்று ஐந்து சொல்லில் காரணம் முடிந்தது. ஈட்டிய விடுப்புக்கு யாத்திரை போதுமான காரணம்தான். யாரும் சான்று கேட்கப்போவதில்லை. முழங்கால் வலியையும் அப்பாவின் நினைவையும் அதிகாரியிடம் நேரில் சொல்லலாம். கோப்பில் வைத்தால் அது பல வருஷம் அங்கேயே கிடக்கும், பத்துப் பேர் படிப்பார்கள்.

காரணத்தைச் சுருக்கலாம், மாற்றக் கூடாது. கோயிலுக்கு என்றால் தரமாட்டார்கள் என்று பயந்து மருத்துவ விடுப்பு போடுகிறவர்கள் உண்டு. பல வருஷத்துக்கு முன் நான் இருந்த ஒரு பிரிவில் ஒருவர் டைபாய்டு என்று மருத்துவச் சான்றோடு விடுப்பில் போனார். திரும்பி வந்தபோது உடல் தகுதிச் சான்றும் சரியாகக் கொண்டுவந்தார். ஆனால் தலை மொட்டை, கையில் லட்டு. பிரிவு முழுவதும் லட்டைச் சாப்பிட்டோம். மேலே யாரோ சொல்லிவிட, அவரிடம் விளக்கம் கேட்டார்கள். முறையாக இ.எல். கேட்டிருந்தால் ஒரு கையெழுத்தில் முடிந்திருக்கும். அப்போது அவர் கணக்கில் அது தாராளமாக இருந்தது.

காரணத்தைவிட அதிகாரி கவனமாகப் படிக்கிற இடம் ஒன்று உண்டு. இவன் இல்லாதபோது இவன் சீட் என்ன ஆகும் என்பது. விடுப்பை உரிமையாகக் கேட்க முடியாது என்பது அடிப்படை விதி. கணக்கில் எவ்வளவு இருந்தாலும், பணி நலன் கருதி மறுக்கலாம், தள்ளிப்போடச் சொல்லலாம், ஏன், போனவரைத் திரும்பக் கூப்பிடவும் விதியில் இடம் இருக்கிறது. அதனால்தான் எல்லாத் துறையிலும் மார்ச் கடைசியில், வருவாய்த் துறையில் ஜமாபந்தி நேரத்தில், தேர்தல் அறிவிப்பு வந்த பிறகு, யாத்திரை விண்ணப்பம் கொடுப்பது வீண். மற்ற மாதங்களில் மறுப்பு வருகிறதென்றால் பெரும்பாலும் சீட்டுக்கு ஆள் சொல்லாததால்தான் வரும்.

பக்கத்து சீட்டுக்காரரிடம் முதலில் வாயால் கேட்டு, அவர் சரி என்ற பிறகு அவர் பதவியைக் கடிதத்தில் எழுத வேண்டும். கேட்காமல் எழுதினால் அந்த மனிதர் கோப்பு வரும்போது "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிடுவார், அவர் மேல் தப்பில்லை. இன்னொன்றும் செய்யச் சொன்னேன். புறப்படுவதற்கு முன் தன்பதிவேட்டை முடித்து, நிலுவையில் உள்ள தபால்களில் எது அந்தப் பத்து நாளுக்குள் கெடு உள்ளது, எந்தக் காலமுறை அறிக்கை எந்தத் தேதியில் போக வேண்டும் என்று அரைப் பக்கப் பட்டியல் போட்டு அவர் கையில் கொடுத்துவிடு. காசி விசுவநாதர் முன்னால் நிற்கும்போது "அந்த ஃபைல் எங்கல இருக்கு?" என்று போன் வராமல் இருக்க வேறு வழி இல்லை.

அப்புறம் தலைமையிடம். வேலை பார்க்கும் ஊர்தான் தலைமையிடம், அதை விட்டுப் போக அனுமதி வேண்டும் என்பதைக் கடிதத்திலேயே கேட்டுவிட வேண்டும். விடுப்புக் கால முகவரியும் கொடுக்க வேண்டும். தங்குகிற இடம் ஊருக்கு ஊர் மாறுகிற பயணத்தில் என்ன முகவரி எழுதுவது என்று கேட்டான். வீட்டு முகவரியையும் செல்பேசி எண்ணையும் எழுது, முதலில் தங்கப்போகும் இடத்தையும் சேர்த்துக்கொள் என்றேன். அவர்கள் காசியில் நகரத்தார் விடுதியில் தங்குவதாக இருந்தார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே நெடுங்காலமாக நடத்திவரும் சத்திரம் அது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. "காசி வரைக்கும் வந்துட்டு அப்படியே நேபாளம், பசுபதிநாதரையும் பாத்துருவோம்" என்று பயண ஏற்பாட்டாளர்கள் ஆசை காட்டுவார்கள். நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம். விசா வேண்டாததால் அனுமதியும் வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். எல்லையைத் தாண்டினால் அது வெளிநாட்டுப் பயணம். அரசு அலுவலர் அதற்கு முன் அனுமதி தனியாகப் பெற வேண்டும். விடுப்பு ஆணை அதற்குப் பதிலாகாது. கயிலாயம், முக்திநாத் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது டீ வந்தபோது கடிதத்தை எழுதினோம். பெயர்களையும் அலுவலகத்தையும் விட்டுவிட்டு அப்படியே தருகிறேன்.

அனுப்புநர்: (பெயர்), இளநிலை உதவியாளர், அ பிரிவு, (அலுவலகம்).
பெறுநர்: (அலுவலகத் தலைவரின் பதவி), (அலுவலகம்).
வழி: கண்காணிப்பாளர், அ பிரிவு.

ஐயா,

பொருள்: ஈட்டிய விடுப்பு – 13.11.2026 முதல் 20.11.2026 வரை 8 நாட்கள் – விடுமுறை நாட்களைப் பின்னிணைக்கவும் தலைமையிடத்தை விட்டுச் செல்லவும் அனுமதி கோருதல் – தொடர்பாக.

எனது தாயாருடன் காசி, கயா, பிரயாகை யாத்திரை சென்றுவர உள்ளதால், 13.11.2026 முதல் 20.11.2026 வரை 8 நாட்கள் ஈட்டிய விடுப்பு வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். 21.11.2026, 22.11.2026 ஆகிய அரசு விடுமுறை நாட்களை விடுப்புடன் பின்னிணைத்துக்கொள்ளவும், 12.11.2026 அலுவலக நேரத்திற்குப் பின் தலைமையிடத்தை விட்டுச் செல்லவும் அனுமதி வேண்டுகிறேன். 23.11.2026 முற்பகல் பணியில் சேர்வேன்.

எனது விடுப்புக் காலத்தில் எனது பணிகளை அ2 இருக்கை உதவியாளர் கவனித்துக்கொள்ள இசைந்துள்ளார். நிலுவைத் தபால்கள், அனுப்ப வேண்டிய அறிக்கைகள் ஆகியவற்றின் பட்டியலை 12.11.2026 அன்று அவரிடம் ஒப்படைப்பேன்.

விடுப்புக் கால முகவரி: (வீட்டு முகவரி, செல்பேசி எண்). 15, 16 தேதிகளில் காசி, நாட்டுக்கோட்டை நகரத்தார் விடுதி.

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)
இடம், நாள்: 05.10.2026

எண்ணிப் பாருங்கள், பத்து என்ற சொல்லே அதில் இல்லை. பத்து நாள் யாத்திரை முழுவதும் அதற்குள் இருக்கிறது. வழக்கமான விடுப்புப் படிவத்தையும் இதோடு இணைக்க வேண்டும். களஞ்சியத்தில் விடுப்பை ஏற்றும் அலுவலகமானால் அங்கே போடும் தேதிகளும் தாளில் உள்ள தேதிகளும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாளில் 20 என்றும் திரையில் 22 என்றும் இருந்தால் கணக்கிலிருந்து பத்து நாள் கழியும். பின்னிணைப்பு கேட்டதற்கு அர்த்தமில்லாமல் போகும்.

கடிதத்தின் தேதியைக் கவனித்தீர்களா? டிக்கெட் செப்டம்பர் மத்தியில், கடிதம் அக்டோபர் முதல் வாரம். டிக்கெட் எடுக்குமுன் அதிகாரியை நேரில் பார்த்து, "நவம்பரில் இந்தத் தேதிகளில் போக நினைக்கிறேன், பணிக்கு இடைஞ்சல் உண்டா சார்?" என்று கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அவர் தலையாட்டினால் டிக்கெட். டிக்கெட் உறுதியானால் கடிதம். டிக்கெட்டைக் காட்டி விடுப்பு கேட்பது போல ஆகிவிடக் கூடாது. "எல்லாம் போட்டாச்சு சார்" என்று சொல்லிக்கொண்டு நிற்கிறவனுக்குக் கையெழுத்துப் போட எந்த அதிகாரிக்கும் கை வராது.

தாமதம் ஆகிவிட்டால்? அதையும் கேட்டான். ரயில் தாமதமாகி 23 திங்கள் அன்று வரமுடியாது என்று வழியிலேயே தெரிந்தால், அப்போதே கண்காணிப்பாளருக்குச் செய்தி அனுப்பி விடுப்பு நீட்டிப்பு கேட்க வேண்டும். வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் அது அனுமதியில்லாமல் வராத நாள். நீட்டிப்பு கிடைத்தாலும் விலை உண்டு. விடுப்பு 23 வரை நீண்டால் 21, 22 இரண்டும் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிடும். எட்டு நாள் விடுப்பு ஒன்பது ஆகாது, பதினொன்று ஆகும். ஒரு நாள் தாமதத்துக்கு மூன்று நாள் போகும். சென்னையில் வண்டி மாறுகிற இடத்தில் அரை நாள் இடைவெளி விட்டு டிக்கெட் எடுக்கச் சொன்னது அதனால்தான்.

தனியார் அலுவலகத்தில் இருக்கிறவர்களுக்கு விடுப்பின் பெயர்களும் எண்ணிக்கையும் மாறும். 1947-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருகிறவருக்கு, ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த பிறகு, சம்பளத்தோடு வருஷத்துக்கு 12 நாள் விடுப்பு உண்டு. நடுவில் வரும் ஞாயிறு எண்ணப்படுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறு, அதை விதிப் புத்தகத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள். கேள்விகள் மட்டும் மாறாது: என்ன விடுப்பு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்றைக்கு வேலைக்கு வருவீர்கள், அதுவரை யார் பார்ப்பார்கள், எங்கே தேடினால் கிடைப்பீர்கள்.

அவனிடம் கடைசியாகச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். கடிதத்தை இரண்டாக எடுங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம். விடுப்பு வழங்கிய ஆணையின் நகல் கையில் வந்த பிறகு வண்டி ஏறுங்கள்.